கண்ணாடி ஏன் சுற்றுகிறது

பொழுது படுகிற நேரத்தில் புங்குடுதீவில் எந்த வீட்டு விறாந்தையைப் பார்த்தாலும் ஒருவர் குந்தியிருந்து லாம்புச் சிமினி துடைத்துக்கொண்டிருப்பார். மின்சாரம் எங்களுக்குப் பெயராக மட்டுமே தெரிந்திருந்த காலம் அது. ஊரதீவிலும் வல்லனிலும் இறுப்பிட்டியிலும் அதே நேரத்தில் அதே வேலை நடந்துகொண்டிருக்கும். பழைய பேப்பரைக் கசக்கி உள்ளே விட்டு, ஒரு ஊது ஊதி, இரண்டு தரம் திருகினால் எங்கள் வீட்டுச் சிமினி துடைத்தாகிவிடும். பக்கத்து வளவு ஆச்சிக்கு அந்த அவசரம் பிடிக்காது. அவர் முதலில் விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றி முந்தானையில் முடிவார். பிறகு பழைய வெள்ளை வேட்டித் துண்டு ஒன்றை எடுத்து, சிமினியின் வாயிலிருந்து அடி வரை ஒரே திசையாகத் துடைத்து, கடைசி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, எங்காவது ஒரு பொட்டுப் புகை தெரிந்தால் மறுபடி தொடங்குவார். இன்றைக்கு ஆளியைத் தட்டினால் அறை நிறைய வெளிச்சம் வருகிறது, நல்லதுதான். ஆனால் ஒரு விளக்கோடு கால் மணி நேரம் உட்கார்ந்திருந்த அந்த மாலைகள் எங்கே போயின என்று சில நேரம் தேடத்தான் செய்கிறது.

மோதிரத்தை ஏன் கழற்றுகிறீர்கள் என்று நாங்கள் கேட்டபோதுதான் அவருடைய கதை முழுவதும் வந்தது. "கண்ணாடியிலை ஒரு கீறு விழுந்தால் அது பிறகு மாறாது, பிள்ளையள். ஐயா பித்தளைப் பொத்தான் வைச்ச சட்டையோடை கண்ணாடிக்குக் கிட்டப் போகமாட்டார்" என்றார். அவருடைய ஐயா வெளிச்சவீட்டில் வேலை பார்த்தவர். எங்கள் ஊர் ஆண்கள் பாதிப்பேர் தெற்கே கடை வைத்தும் கடையில் நின்றும் பிழைத்த காலத்தில், அப்படியொரு கடைக்குச் சின்ன வயதில் போன அந்த மனிதர், எப்படியோ கல்லாப்பெட்டியை விட்டுக் கடற்கரைக் கோபுரம் ஒன்றில் ஏறிவிட்டார். ஆச்சி பிறந்ததும் பத்து வயது வரை வளர்ந்ததும் அந்தக் கோபுரத்தின் அடியில் இருந்த குவாட்டர்ஸில்.

நாங்கள் கண்டிருந்த வெளிச்சவீடு காரைநகர்க் கோவளத்தில் நிற்பது. 1916இல் கட்டியது, 30 மீற்றர் உயரம். அதை நாங்கள் வெளியிலிருந்து அண்ணாந்து பார்த்ததோடு சரி. ஆச்சி உள்ளேயிருந்து பார்த்தவர். படி ஏறி முடிந்ததும் ஒரு சின்னக் கதவு, அதற்குள்ளே ஆள் உயரத்துக்கும் மேலான கண்ணாடிக் கூண்டு, அந்தக் கூண்டின் நடுவில் விளக்கு. கண்ணாடி ஒரே தகடாக இல்லை. நடுவில் வட்டமான ஒரு வில்லை, அதைச் சுற்றி வளையம் வளையமாகப் பட்டை தீட்டிய கண்ணாடிகள், ஒவ்வொன்றும் கொஞ்சம் வேறு சாய்வில் வெட்டிப் பித்தளைச் சட்டத்தில் பொருத்தியவை. அப்படி நாலு முகங்கள் சேர்ந்ததுதான் அந்தக் கூண்டு. நடுவிலிருந்த விளக்கு மண்ணெண்ணெயை ஆவியாக்கி மென்டிலில் எரிப்பது, கலியாண வீட்டுப் பெற்றோமக்ஸின் அதே வேலைப்பாடுதான்.

இவ்வகைக் கண்ணாடியை உண்டாக்கியவர் பிரான்ஸைச் சேர்ந்த அகுஸ்தின் ஃப்ரெனெல். 1823இல் கோர்துவான் என்ற கோபுரத்தில் அவருடைய முதலாவது பெரிய கண்ணாடி எட்டு முகங்களோடு ஏறியது. நாலு வருடம் கழித்து 39 வயதில் காசநோயால் இறந்துபோனார். அவருடைய பெயர் ஆச்சிக்குத் தெரியாது. அவருடைய வேலையோ ஆச்சிக்கு எங்கள் பள்ளிக்கூடத்துப் புத்தகம் சொன்னதைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

அந்தக் கோபுரத்தில் ஆச்சிக்குக் கிடைத்த முதல் வேலை காலையில் திரை இழுப்பது. இரவு முழுவதும் உள்ளிருந்து வெளியே வெளிச்சத்தை அனுப்பிய அதே கண்ணாடி, பகலில் வெயிலை வெளியிலிருந்து உள்ளே குவிக்கும். திரை போடாமல் விட்டால் விளக்கின் உறுப்புகள் பழுதாகும், துணியோ மரமோ அகப்பட்டால் கருகிப் புகையும். ஆறு வயதுப் பிள்ளைக்கு அந்தத் திரை ஒரு பெரிய பொறுப்பு. பொழுது பட்டால் திரையை விலக்கி, விளக்கை ஏற்றி, ஐயா ஒரு விசையைத் தட்டுவார். கண்ணாடிக் கூண்டு சத்தமில்லாமல் சுற்றத் தொடங்கும். கோபுரத்தின் நடுக்குழாய் வழியே ஒரு இரும்புக் குண்டு மெல்ல மெல்லக் கீழே இறங்கும், அதன் பாரம் பற்சில்லுகளை உருட்டும், பற்சில்லு கண்ணாடியைச் சுற்றும். குண்டு அடிக்குப் போய்ச் சேருமுன் கைபிடியைச் சுற்றி அதை மறுபடி மேலே ஏற்றவேண்டும். இரவில் எத்தனை தரம் என்றாலும் ஏற்றத்தான் வேண்டும்.

கண்ணாடி ஏன் சுற்றுகிறது? பிள்ளை தனக்குத்தானே ஒரு காரணம் வைத்திருந்தது. கடல் பெரியது, விளக்கு ஒன்று, எல்லாப் பக்கமும் வெளிச்சம் போகவேண்டுமென்றால் சுற்றத்தானே வேண்டும்! ஒருநாள் இதை ஐயாவிடம் சொன்னபோது அவர் மறுத்துப் பேசவில்லையாம். குசினியிலிருந்த போத்தல் விளக்கைக் கொளுத்தி முற்றத்தின் நடுவில் வைத்துவிட்டு, "பிள்ளை, இதைச் சுத்தி ஒருக்கா நடந்துபோட்டு வா" என்றார். நடந்தது. "எந்தப் பக்கத்திலையாவது இருட்டாய்க் கிடந்ததோ?" இல்லை. சும்மா எரிகிற விளக்கு, யாரும் சுற்றாமலே எல்லாப் பக்கமும்தான் எரிகிறது. அப்படியென்றால் இத்தனை பாரமான கண்ணாடியை இரவிரவாக எதற்காகச் சுற்றுவது?

அடுத்த நாள் ஐயா ஒரு பழைய பிஸ்கற் தகரத்தில் நாலு பக்கமும் ஒவ்வொரு நீளக் கீறல் வெட்டி, போத்தல் விளக்கின் மேலே கவிழ்த்து, கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு மெல்லச் சுற்றினார். முற்றத்து மதிலில் வெளிச்சக் கோடு ஒன்று வந்து போனது, பிறகு இருட்டு, பிறகு இன்னொரு கோடு. பிள்ளைக்குச் சந்தோஷம், விடை கிடைத்துவிட்டது என்று நினைத்தது. ஐயா விடவில்லை. "தகரம் என்ன செய்யுது? மிச்ச வெளிச்சத்தை மறைச்சுப்போட்டுக் கொஞ்சத்தை வெளியிலை விடுது. அந்தக் கோடு முந்தியிருந்ததைவிடப் பிரகாசமோ?" பார்த்தது. பிரகாசம் கூடவில்லை. மேலே இருந்த கண்ணாடியின் கோடு அப்படி இல்லையே, அது கடலில் எத்தனையோ கட்டை தூரம் போகிறதே! "அதுதான் வித்தியாசம். தகரம் மறைக்குது, கண்ணாடி சேர்க்குது" என்றாராம்.

ஆச்சியின் கதையில் எனக்கு எப்போதும் பிடித்த இடம் இது. விளக்கின் ஒளி எல்லாத் திசையிலும் சிதறிப்போகிற குணம் உடையது. வானத்துக்கும் தரைக்கும் போய் வீணாகிற ஒளியையும், பக்கங்களில் சிதறுகிற ஒளியையும் அந்தக் கண்ணாடி வளையங்கள் வளைத்துப் பிடித்து ஒரே திசைக்குத் திருப்புகின்றன. நாலு முகங்களும் நாலு கற்றைகளாகத் திரட்டி அனுப்புவதால் ஒவ்வொரு கற்றையும் வெறும் விளக்கைவிடப் பல நூறு மடங்கு பலமாகிறது. ஆனால் எதையும் சும்மா பெறமுடியாது. நாலு திசைக்குச் சேர்த்துக் கொடுத்த வெளிச்சத்தை மற்றத் திசைகளிலிருந்து எடுத்துத்தான் கொடுக்கவேண்டியிருக்கிறது. கற்றைகளுக்கு இடையே நல்ல இருட்டு. கண்ணாடி அசையாமல் நின்றால் நாலு திசைக் கப்பலுக்கு மிகப் பெரிய விளக்கு, மற்றக் கப்பல்களுக்கு ஒன்றுமே இல்லை. எனவே சுற்றவேண்டும். வெளிச்சத்தைப் பலமாக்கியதால் பிறந்த இருட்டை, எல்லாக் கப்பலுக்கும் முறைவைத்துப் பங்கிட்டுக் கொடுப்பதற்காகத்தான் அது சுற்றுகிறது.

அது பாதி விடை. மற்றப் பாதியை ஆச்சி ஒரு இரவில் தானாகவே கண்டுபிடித்தார்.

பற்சில்லில் ஒரு பல் உடைந்த இரவு அது. குண்டு பாரத்தோடு தொங்கிக்கொண்டே இருக்க, கண்ணாடி நின்றுபோயிற்று. உதவி ஆள் லீவில் போயிருந்தார். ஐயா அம்மாவைக் கூப்பிட்டார், அம்மா பிள்ளையையும் எழுப்பிக்கொண்டு படி ஏறினார். கண்ணாடிக் கூண்டு பாதரசம் நிரப்பிய ஒரு வட்டத் தொட்டியில் மிதந்துகொண்டிருந்தது. அந்த ஏற்பாட்டை 1890ஐ ஒட்டிப் பிரான்ஸில் கண்டுபிடித்தார்கள். அதற்கு முன்பு பாரமான கண்ணாடிகள் உருளைச் சில்லுகளில் ஊர்ந்து சுற்றிய காலத்தில், ஒரு மின்னலுக்கும் அடுத்த மின்னலுக்கும் ஒரு நிமிடம்கூட எடுக்கும். அலையில் ஆடுகிற கப்பலில் நின்று அவ்வளவு நேரம் காத்திருப்பவர், எந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்பதையே தவறவிட்டுவிடுவார். பாதரசத்தில் மிதக்கத் தொடங்கிய பிறகு தொன் கணக்கான பாரமும் இரண்டு விரலுக்கு அசைந்துகொடுத்தது. அன்றிரவு ஐயாவும் அம்மாவும் மாறி மாறிக் கையால் தள்ளினார்கள்.

தள்ளுவது பெரிய வேலை இல்லை, ஒரே சீராகத் தள்ளுவதுதான் வேலை. அந்தக் கோபுரத்துக்கு 10 விநாடிக்கு ஒரு மின்னல். நாலு முகம் இருப்பதால் கண்ணாடி ஒரு முழுச் சுற்றுக்கு 40 விநாடி எடுக்கவேண்டும். ஐயா தன்னுடைய கைக்கடிகாரத்தைப் பிள்ளையின் கையில் கொடுத்து, தொட்டியின் விளிம்பில் ஒரு கடதாசித் துண்டை ஒட்டி, "இந்த அடையாளத்துக்கு நேரை ஒவ்வொரு முகமும் வரக்குள்ளை நீ பத்து எண்ணி முடிச்சிருக்கோணும்" என்றார். பிள்ளை எண்ணியது. காற்று இரைகிறபோது அம்மாவின் கை தன்னையறியாமல் விரைவாகி எட்டிலேயே முகம் வந்துவிடும். விடியப் புறமாக நித்திரை தூங்கியபோது பன்னிரண்டு, பதின்மூன்று என்று பின்தள்ளிப்போகும். ஒவ்வொரு தரமும் ஐயா, "கெதியாப் போகுது", "பிந்துது" என்று திருத்திக்கொண்டே இருந்தார். களைத்துப்போன பிள்ளை கடைசியில் கேட்டுவிட்டது: "கொஞ்சம் பிந்தினால் என்ன ஐயா? வெளிச்சம் போகுதுதானே!"

ஐயா கண்ணாடியைத் தள்ளிக்கொண்டே சொன்ன பதிலை ஆச்சி எங்களுக்கு அப்படியே சொல்லிக்காட்டுவார். "கடலிலை வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை, மோனை. மீன்பிடிக்கிறவனிட்டை விளக்கு இருக்கு, கரையிலை ஆரோ சருகு கொளுத்துறான், வீட்டிலை லாம்பு எரியுது. தூரத்திலை நிண்டு பார்த்தால் எல்லாம் ஒரு பொட்டுத்தான். கப்பல்காரனுக்கு வெளிச்சம் தெரிஞ்சால் போதாது, எந்த இடத்து வெளிச்சமெண்டு தெரியோணும். அவனிட்டை ஒரு புத்தகம் கிடக்கு. பத்துக்கு ஒருக்கா மின்னினால் இன்ன இடமெண்டு அதிலை எழுதிக் கிடக்கு. நாங்கள் பதின்மூண்டு குடுத்தால் அவன் ஆரை நம்புறது?"

பிள்ளை கொஞ்ச நேரம் எண்ணாமல் யோசித்ததாம். பிறகு, "அப்ப நாங்கள் இருட்டைத்தான் அளந்து குடுக்கிறம் என்ன, ஐயா?" என்றது. "ஓம் பிள்ளை. எண்ணு" என்றார் ஐயா.

விடியும் வரை எண்ணினார்கள். அடுத்த கிழமை புதுப் பற்சில்லு வந்தது. அந்த இரவில் எந்தக் கப்பலும் தப்பிப்பிழைத்ததாகவோ, யாரும் வந்து நன்றி சொன்னதாகவோ ஆச்சியின் கதையில் இல்லை. தூரத்தில் ஒரு கப்பலின் விளக்கு மெல்ல நகர்ந்து போனதை மட்டும் பார்த்தார்களாம். அந்தக் கப்பலில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துப் பத்து எண்ணிவிட்டுத் தன் வழியே போயிருக்கவேண்டும்.

பிறகு நான் படித்த காலத்தில் ஆச்சியின் கணக்கை இன்னும் கொஞ்சம் நீட்டிப் பார்த்தேன். 40 விநாடிக்கு ஒரு சுற்றென்றால் கற்றை ஒரு விநாடியில் 9 பாகை திரும்பும். மென்டில் ஒரு புள்ளியாக இல்லாமல் சில அங்குலம் அகலமாக இருப்பதால் கற்றையும் கொஞ்சம் விரிந்துதான் போகும். 55 மில்லிமீற்றர் மென்டில், அதிலிருந்து அரை மீற்றர் தள்ளிக் கண்ணாடி என்று வைத்துக்கொண்டால் விரிவு 6 பாகையளவு வரும். அப்படியானால் கப்பலில் நிற்பவரின் கண்ணில் வெளிச்சம் விழுவது ஒரு விநாடியிலும் குறைந்த நேரந்தான், ஏறத்தாழ முக்கால் விநாடி, மிச்சம் ஒன்பதேகால் விநாடியும் இருட்டு. இன்னும் வேகமாகச் சுற்றினால் என்ன? மின்னல் இன்னும் குறுகும். மிகக் குறுகிய மின்னலைக் கண் அதன் உண்மையான பலத்தோடு பிடிப்பதில்லை, மங்கலாகவே உணரும். மெதுவாகச் சுற்றினாலோ கப்பல்காரர் காத்துக் களைப்பார். இரண்டுக்கும் நடுவே ஒரு வேகத்தைப் பிடித்துத்தான் ஒவ்வொரு கோபுரத்துக்கும் அதன் எண்ணைக் கொடுத்தார்கள்.

இதையெல்லாம் இன்று யாரிடம் சொல்வது என்று தோன்றும். குறிகட்டுவானில் நயினாதீவுக்குப் படகு ஏறுகிற இளைஞர்களின் கைபேசியில் படகு ஒரு நீலப் பொட்டாக வரைபடத்தில் நகர்கிறது. கரை எவ்வளவு தூரம், எந்தத் திசை, எல்லாம் உள்ளங்கையில். 1990களின் தொடக்கத்தில் ஊர் சிதறிப்போய், ரொறன்ரோவிலும் பாரிஸிலும் வளர்ந்த பிள்ளைகள் இப்போது கோடைக்கு வரும்போது, வாணர் தாம்போதியில் வாகனத்தை நிறுத்தி இறங்கி இரண்டு பக்கக் கடலையும் படமெடுக்கிறார்கள். அவர்களுக்கு இரவில் வழிதவறுவது எப்படியிருக்கும் என்று தெரியாது, தெரியவேண்டியதும் இல்லை. உலகம் முழுவதும் கோபுரங்களிலிருந்து காவலர்கள் இறங்கிவிட்டார்கள். இங்கிலாந்தின் கடைசிக் காவலர்கள் இறங்கியது 1998இல். பல இடங்களில் பெரிய கண்ணாடியையும் நிறுத்திவிட்டு, வாளியளவு எல்.ஈ.டி. விளக்கு ஒன்றை வைக்கிறார்கள். அது சுற்றுவதில்லை. ஒரு மின்சுற்று அதை அணைத்து அணைத்து ஏற்றுகிறது. பத்து விநாடி என்றால் பத்து விநாடிதான். அதற்குப் பயமும் இல்லை, நித்திரையும் இல்லை.

அந்த மாற்றத்தை நான் குறை சொல்லமாட்டேன். பாதரச ஆவி நஞ்சு. தொட்டியிலிருந்த பாதரசத்தைத் தூசி போகத் துணியால் வடிகட்டிய அந்த மனிதர்கள் இரவிரவாக அதைத்தான் மூச்சில் இழுத்துக்கொண்டிருந்தார்கள். குண்டு ஏற்றி ஏற்றித் தோள்மூட்டு தேய்ந்தவர்களுக்கு ஓய்வு கிடைத்தது நியாயமே. ஆனாலும் அணைந்து ஏறுகிற விளக்கைப் பார்க்கிறபோது ஒன்று இல்லாமல் போனது தெரிகிறது. சுற்றுகிற கண்ணாடியின் கற்றைகள் கோபுரத்தை விட்டு நீண்டு, ஈரக் காற்றில் தெரிந்தும் தெரியாமலும் தலைக்கு மேலே கடந்துபோகும். இப்போது கற்றை வரப்போகிறது, இதோ வந்துவிட்டது, போய்விட்டது என்று ஒரு பிள்ளை மணலில் மல்லாந்து கிடந்து எதிர்பார்க்க முடிந்தது. எல்.ஈ.டி. விளக்கில் அப்படி வந்துகொண்டிருப்பது ஒன்றும் இல்லை. இருக்கிறது, அல்லது இல்லை.

ஆச்சி இறக்கும்வரை அரிக்கன் லாம்பைத்தான் வைத்திருந்தார். அவரிடம் கதை கேட்ட நாங்களும் இப்போது கிழவர்களாகிக்கொண்டிருக்கிறோம், இந்தக் கதை கேட்ட ஆட்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள். அதனால்தான் எழுதிவைக்கிறேன். தெற்குக் கரைப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு சொல்: கடற்கரையில் இரவு தங்க நேர்ந்தால் விளக்கைப் படமெடுக்குமுன் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு எண்ணிப் பாருங்கள். 5 விநாடிக்கு ஒரு மின்னல் வந்தால் நீங்கள் பார்ப்பது 1890இல் ஏற்றிய தேவேந்திரமுனை வெளிச்சவீட்டை. 20 விநாடிக்கு ஒன்று என்றால் அது பேருவளைக்கு அருகிலுள்ள பாபரின் தீவு. பக்கத்தில் பிள்ளைகள் இருந்தால் எண்ணுகிற வேலையை அவர்களிடம் கொடுங்கள்.